நவம்பர் கூட்டத்தில் ஒரு ரூபாய்

எங்கள் கிளையில் நவம்பர் முதல் வாரம் திருவிழா மாதிரி இருக்கும். பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வருகிற நேரம். இத்தனை பெரியவர்கள் தானாகவே வந்து உட்காருகிறார்களே, இவர்களுக்குப் போன் மோசடி பற்றி அரைமணி நேரம் பேசிவிடலாம் என்று மேலாளருக்குத் தோன்றியது. பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது.

முதல் நாள் நான் சொதப்பினேன். இருபத்திரண்டு ஸ்லைடு தயாரித்திருந்தேன். ஓடிபி சொல்லாதீர்கள், லிங்க்கைத் தொடாதீர்கள், தெரியாத நம்பரை எடுக்காதீர்கள் என்று வரிசையாக எல்லாமே 'கூடாது'தான். பத்தாவது ஸ்லைடில் பாதிப் பேர் டோக்கன் நம்பர் வந்துவிட்டதா என்று கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்தார்: "தம்பி, எல்லாம் சரி. எனக்கு ஒருத்தர் பணம் அனுப்புறார்னா அதை வாங்கிக்க நான் பின் நம்பர் போடணுமா, வேண்டாமா?"

பாதி மோசடி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. பழைய கட்டிலை விற்கப் போனவரிடம் "இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்களுக்கு வந்துடும்" என்று சொல்லி ஏமாற்றுகிறவன், இந்தச் சந்தேகத்தை வைத்துத்தான் பிழைக்கிறான்.

மறுநாள் ஸ்லைடை மூடி வைத்துவிட்டு ஆசிரியையின் போனை வாங்கி மேஜை மேல் வைத்தேன். என் போனிலிருந்து அவருக்கு ஒரு ரூபாய் அனுப்பினேன். அவர் போன் டிங் என்றது. "டீச்சர், நீங்க ஏதாவது தொட்டீங்களா?" இல்லை என்றார். அப்புறம் என் கியூஆரைக் காட்டி அவரையே ஸ்கேன் செய்யச் சொன்னேன். திரையில் என் பெயர் வந்தது, தொகை கேட்டது, கடைசியில் பின் கேட்டது. அந்த இடத்தில் நிறுத்தி, போனை வரிசையாக எல்லோர் கைக்கும் அனுப்பினேன். யுபிஐயில் பின் கேட்டால் பணம் வெளியே போகப்போகிறது, இல்லையென்றால் இருப்பைப் பார்க்கிறோம். பணம் உள்ளே வர வேண்டுமென்றால் பின் நம்பர் போடுகிற வேலையே கிடையாது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தன் கையில் அந்தத் திரையைப் பார்க்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம்தான் உருப்படியானது என்று நினைக்கிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் போகவில்லை. மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். கையில் பாஸ்புக்கைச் சுருட்டி வைத்திருந்தார். திங்கட்கிழமை பதிவு போட்டபோதுதான் பார்த்திருக்கிறார்: சனிக்கிழமை மாலை 24,999, மறுபடி 24,999, பிறகு 11,500. மொத்தம் 61,498 ரூபாய் போயிருந்தது. அன்று செவ்வாய். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மகன் திட்டுவானாம்.

நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். இவர் எந்தத் துறையில் ஓய்வுபெற்றார் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "இந்த மாசம் சான்று பதிவாகலை, பென்ஷன் நிக்கும்" என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பியிருக்கிறான். பெயர் `Jeevan Pramaan.apk`. நிறுவும்போது எஸ்எம்எஸ்ஸைப் படிக்கவும், தன்னையே போனின் எஸ்எம்எஸ் செயலியாக வைக்கவும் அனுமதி கேட்டது, கொடுத்துவிட்டார். உள்ளே ஒரு படிவம். சரிபார்ப்புக் கட்டணம் ஐந்து ரூபாய் என்று சொல்லி டெபிட் கார்டு எண், முடியும் தேதி, பின்புறத்து மூன்று இலக்கம் எல்லாம் வாங்கிக்கொண்டது.

"ஓடிபியை நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லை சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். அவர் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. வந்த ஓடிபியை அந்தச் செயலியே படித்து அவனுக்கு அனுப்பிவிட்டது. பணம் போன எஸ்எம்எஸ்களையும் இவர் கண்ணில் படாமல் மறைத்துவிட்டது. என் முதல் நாள் ஸ்லைடில் 'ஓடிபி சொல்லாதீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தேன். அதைப் பார்த்திருந்தாலும் இவர் தப்பித்திருக்க மாட்டார்.

முதலில் அவர் போனை ஏரோபிளேன் மோடில் போட்டேன். பலர் உடனே அதே போனில் பாஸ்வேர்டை மாற்றுவார்கள். செயலி உள்ளே இருக்கும்வரை அது புதிய பாஸ்வேர்டைத் திருடனிடம் கொடுப்பதற்குச் சமம். பிறகு கிளைக் கணினியிலேயே கார்டை முடக்கி, கணக்கில் பணம் வெளியே போவதை நிறுத்தினோம். அடுத்து என் போனிலிருந்து, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணைக் கூப்பிட்டேன். நாலாவது முறைதான் லைன் கிடைத்தது. கணக்கு எண், ஒவ்வொரு பரிவர்த்தனையின் எண், தேதி, தொகை இவற்றைக் கேட்டார்கள். கிளையிலேயே இருந்ததால் ஸ்டேட்மென்டைப் பார்த்துப் படிக்க முடிந்தது. புகாருக்கு ஒரு எண் கொடுத்தார்கள். வங்கிக்கும் எழுத்தில் ஒரு புகார் வாங்கி, நேரம் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தேன்.

அந்த நேரம் முக்கியம். அப்போது நடைமுறையில் இருந்த ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தன் கவனக்குறைவால் விவரங்களைக் கொடுத்துவிட்டிருந்தால், வங்கிக்குச் சொல்வதற்கு முன்பு போன பணம் அவர் பாடு. சொன்ன பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. அவரிடம் இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று பொய் சொல்லி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது: 11,500 மட்டும் ஒரு வாலட்டில் செலவாகாமல் இருந்து முடக்கப்பட்டிருக்கிறது. மற்ற இரண்டும் சனிக்கிழமை இரவே கிஃப்ட் வவுச்சராக மாறிவிட்டன. திங்கட்கிழமையே சொல்லியிருந்தாலும் அந்த இரண்டும் கிடைத்திருக்காது என்றுதான் அவரிடம் சொன்னேன். அதைக் கேட்டு அவர் கொஞ்சம் ஆறுதல் அடைந்த மாதிரி இருந்தது.

அடுத்த கூட்டங்களில் பேச்சின் வரிசையையே மாற்றினேன். ஒரு ரூபாய் காட்சி முடிந்ததும், ஏமாந்துபோனால் முதல் பத்து நிமிடம் என்ன செய்வது என்பதற்கு வந்துவிடுவேன். 1930-ஐ அங்கேயே அவரவர் போனில் சேமிக்கச் சொல்வேன். வாட்ஸ்அப்பில் வருகிற எந்தக் கோப்பின் பெயரும் `.apk` என்று முடிந்தால் அது கடிதமோ படிவமோ அல்ல, செயலி என்று காட்டுவேன். பென்ஷன் கணக்கை யுபிஐயில் சேர்க்காமல், மளிகைக்கும் மருந்துக்கும் தேவையான அளவு மட்டும் போட்டு இன்னொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்வேன். இது முழுக் காப்பு அல்ல. இரண்டு கணக்குக்கும் ஒரே மொபைல் எண் இருந்து, போனுக்குள் அந்த மாதிரிச் செயலியும் புகுந்து, கார்டு விவரமும் அவன் கையில் போய்விட்டால் பென்ஷன் கணக்கும் தப்பாது. கியூஆர் ஏமாற்று, தவறான ஆளுக்கு அனுப்புவது போன்றவற்றில்தான் அந்த இரண்டாவது கணக்கு நன்றாகக் காப்பாற்றும்.

மின்வாரியத்துக்காரர் கடைசிக் கூட்டத்துக்கு வந்தார். பின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர், `.apk` பேச்சு வந்ததும் தானே எழுந்து தன் கதையைச் சொன்னார், தொகையை மட்டும் விட்டுவிட்டு. அதன் பிறகு இன்னும் இரண்டு பேர் என்னிடம் தனியாக வந்தார்கள். ஒருவருக்குப் போனது ஒன்பது மாதத்துக்கு முன்பு.

டிசம்பரில் ஆசிரியையின் கேஒய்சி தாளில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. என் செல்போனிலிருந்தே அவரைக் கூப்பிட்டு, "டீச்சர், பேங்க்ல இருந்து பேசறேன், கேஒய்சி விஷயமா" என்றேன். டக்கென்று கட் ஆனது. ஒரு நிமிடத்தில் என் மேஜையில் இருந்த லேண்ட்லைன் அடித்தது. பாஸ்புக்கில் அச்சடித்த எண்ணைப் பார்த்து அவர்தான் கூப்பிடுகிறார்.

"தம்பி, இப்ப கூப்பிட்டது நீதானா?"