51 மணி நேரம் 3 ஆகத் தெரிவது ஏன்?

வாரம் 6 நாள், நாளுக்கு எட்டரை மணி நேர வேலை. கூட்டினால் 51 மணி வர வேண்டும். எக்செல்லில் D8 கட்டத்தில் `=SUM(D2:D7)` போட்டால் சில நேரம் 3:00 என்று காட்டும். கூட்டல் தவறவில்லை. உள்ளே இருக்கும் எண் சரி, அதைக் காட்டும் விதம்தான் தவறு.

எக்செல் நேரத்தை நாளின் பின்னமாகவே வைத்துக்கொள்கிறது. ஒரு முழு நாள் 1, பாதி நாள் 0.5. அந்தக் கணக்கில் 51 மணி என்பது 2.125. அந்தக் கட்டத்தின் ஃபார்மட் `h:mm` என்றால், எக்செல் அதைக் கடிகார நேரமாகப் படிக்கிறது. முழு நாட்களான 2-ஐ விட்டுவிட்டு, மிச்சமுள்ள 0.125-ஐ மட்டும் 3 மணியாகக் காட்டுகிறது. சந்தேகம் இருந்தால் ஃபார்மட்டை General என்று மாற்றிப் பாருங்கள், 2.125 தெரியும்.

சரிசெய்ய, மொத்தம் உள்ள கட்டத்தில் நின்று Ctrl+1 அழுத்தி, Number தாவலில் Custom தேர்ந்தெடுத்து, Type பெட்டியில் இதைத் தட்டுங்கள்:

```
[h]:mm
```

அந்தச் சதுர அடைப்புக்குறிதான் 24-இல் திரும்பாமல் மணியை எண்ணிக்கொண்டே போகச் சொல்கிறது. இப்போது 51:00 வரும். கூகுள் ஷீட்ஸில் Duration ஃபார்மட் இதே வேலையைச் செய்யும். மொத்தத்தை ஒரு வாக்கியத்தோடு சேர்க்கும்போது கட்டத்தின் ஃபார்மட் கூடவே வராது, அங்கே `TEXT(D8,"[h]:mm")` என்று எழுத வேண்டும்.

பெரிய இழப்பு சம்பளக் கணக்கில்தான் வரும். மணிக்கு 90 ரூபாய் என்று `=D8*90` போட்டால் கிடைப்பது 191.25, ஏனென்றால் பெருக்கப்பட்டது 51 அல்ல, 2.125. இதில் ஒரு பொறி உண்டு: அந்தக் கட்டமும் `[h]:mm` ஃபார்மட்டில் இருந்தால் 4590:00 என்று தெரியும். பார்க்கச் சரியான தொகைபோல இருப்பதால் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அந்தக் கட்டத்தை வேறொரு கூட்டலில் சேர்க்கும்போதுதான் 191.25 வெளியே வரும். நாளை மணியாக்க 24-ஆல் பெருக்கி, அந்தக் கட்டத்தை Number ஆக்கிவிடுங்கள்:

```
=D8*24*90
```

4590 வந்துவிடும்.

நம் பழக்கத்தால் வரும் பிழை இன்னொன்று. எட்டரை மணியை 8.30 என்று எழுதுகிறோம். எக்செல்லுக்கு அது நேரமல்ல, சாதாரண தசம எண். ஆறு நாளைக் கூட்டினால் 49.8 வரும். அதற்கு `[h]:mm` போட்டால் 49.8 நாளாகக் கொண்டு 1195:12 என்று காட்டும். ஆயிரம் மணியைத் தாண்டிய வாரக் கூட்டுத்தொகையைக் கண்டால் புள்ளி வைத்த பதிவைத் தேடுங்கள். புள்ளியை எடுத்துவிட்டு 8:30 என்று மறுபடி தட்ட வேண்டும், ஃபார்மட்டை மாற்றுவதால் அது தீராது.