ஒரே அச்சில் வார்த்த கடிதங்கள்

திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியைக் கவனிக்கிறேன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை என மூன்று ஊர்களிலிருந்து, தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பதைக் கண்டித்துக் கடிதங்கள் வந்தன. மூன்றும் ‘ஆவன செய்ய வேண்டும்’ என்று முடிந்ததில் வியப்பில்லை. அப்படி முடியாத கடிதம்தான் நம்மிடம் அபூர்வம். ஆனால் மூன்றிலும் ‘சுத்திகரிப்பு’ என்பது ‘சுத்திக்கரிப்பு’ என்றே இருந்ததும், ஒரு நீண்ட வாக்கியம் காற்புள்ளி கூட மாறாமல் திரும்ப வந்ததும் ஐயத்தைக் கிளப்பின.

பெயரும் முகவரியும் சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிட முடியாது. 2003-இல் ஈராக்கின் கிர்குக்கில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களின் பெயர்களில் ஒரே கடிதம் அமெரிக்க நாளிதழ்கள் பலவற்றில் வெளியானது. பெயர்கள் உண்மையானவை, ஆனால் அதைத் தாங்கள் எழுதவில்லை என்று சிலர் பின்னர் கூறினர்.

“நீங்கள்தான் எழுதினீர்களா?” என்று தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலும் ஆம் என்றே பதில் வரும். அதனால், “உங்கள் ஊரில் எந்தப் படித்துறை அருகே சாக்கடை கலக்கிறது?” என்று கேட்டேன். அம்பாசமுத்திரத்துக்காரர் வழி சொல்லி, எந்த நேரத்தில் நாற்றம் அதிகம் என்பது வரை விளக்கினார். சேரன்மகாதேவிக்காரர், வாட்ஸ்அப்பில் வந்ததைத் தம் பெயரிட்டு அனுப்பியதாகவும், கருத்தில் தமக்கு உடன்பாடு உண்டு என்றும் சொன்னார். மூன்றாம் எண்ணை எடுத்தவருக்குக் கடிதம் பற்றியே தெரியவில்லை.

முதலாமவர் வாய்மொழியாகச் சொன்னதையே எழுதி வாங்கி வெளியிட்டோம். இரண்டாமவர் பொய்யர் அல்லர் என்பதால், அவர் கண்டதை நான்கு வரிகளில் எழுதித் தரக் கேட்டிருக்கிறோம். மூன்றாவதை நிறுத்திவிட்டோம்.