எடை தெரியாத வார்டில் எம்.எஸ்.டி.யைச் சோதித்த கதை

ஒரு வழியாக ஆய்வு முடிந்தது. எங்கள் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில், எடை இழப்பு, பசி பற்றிக் கேட்டு நர்ஸ்கள் போடும் எம்.எஸ்.டி. ஸ்கோர் ஊட்டச்சத்துக் குறைபாட்டைச் சரியாகப் பிடிக்கிறதா என்று, நோயாளியை விசாரித்து உடலையும் பரிசோதித்து டயட்டீஷியன் போடும் எஸ்.ஜி.ஏ. மதிப்பீட்டோடு ஒப்பிட்டோம். எதிக்ஸ் கமிட்டி அனுமதி சிக்கலில்லாமல் வந்துவிட்டது. இழுத்தடித்தது மற்றதெல்லாம்.

முதல் தகராறு எங்கள் துறைக்குள்ளேயே. "ஸ்கோர் 2, அதுக்கு மேல வர்றவங்களை மட்டும் பாருங்க, மத்தவங்களைப் பாத்து ஏன் நேரத்தை வீணாக்கணும்?" என்றார் மேலதிகாரி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பேச்சுக்கு, 100 பேரில் 40 பேருக்குக் குறைபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கருவி 36 பேரைப் பிடித்தால் சென்சிடிவிட்டி 90 சதவீதம். பாசிட்டிவ் வந்தவர்களை, அதாவது 2-ம் அதற்கு மேலும் வாங்கியவர்களை, மட்டும் டயட்டீஷியன் பார்த்தால், தவறிய 4 பேர் கணக்கிலேயே வரமாட்டார்கள். கருவி நூற்றுக்கு நூறு வாங்கிவிடும்! புள்ளியியல் சார் இதைத் தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் மேலதிகாரி இறங்கிவந்தார்.

அடுத்தது எம்.எஸ்.டி. ஃபார்ம். வார்டில் அதை கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே பின் அடித்துவிடுவார்கள். ஸ்கோரைப் பார்த்துவிட்டு மதிப்பிட்டால் டயட்டீஷியனின் கை அந்தப் பக்கமே சாயும். மன்றாடி, ஃபார்மை உறையில் ஒட்டி சிஸ்டர் டிராயரில் வைக்க வைத்தோம். இரண்டு மதிப்பீட்டுக்கும் நடுவே 24 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்; டிரிப் ஏறி, சாப்பாடு மாறினால் ஆளே மாறிவிடுவார்.

பெரிய தலைவலி முதல் கேள்விதான்: சமீபத்தில் எடை குறைந்ததா? எங்கள் நோயாளிகளில் பலர் எடை பார்த்ததே இல்லை. "தெரியலம்மா" என்றால் எம்.எஸ்.டி.யில் 2 மதிப்பெண், அதாவது நேராக பாசிட்டிவ். நன்றாகச் சாப்பிடுகிற, திடமான ஆள்கூட ஆபத்துப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். அடிபடுவது ஸ்பெசிபிசிட்டி, அதாவது குறைபாடு இல்லாதவர்களை இல்லை என்றே சரியாகச் சொல்லும் திறன். "தெரியலை" என்று டிக் போடும் முன் "ஜாக்கெட், பேன்ட் தொளதொளன்னு ஆயிடுச்சா?" என்று கேட்கும்படி நர்ஸ்களைப் பழக்கினோம். இதைச் செய்வதானால் ஆய்வு தொடங்கும் முன்பே புரோட்டோகாலில் எழுதிவிடுங்கள். நடுவில் மாற்றினால் முன்பாதியும் பின்பாதியும் ஒட்டாது.

அதற்கு நேர் எதிரானவர் கல்லீரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்துவந்த ஒரு பெரியவர். "எடை கூடித்தான் இருக்கு" என்றார்; பசி குறைவுக்கு 1 மதிப்பெண். மொத்தம் 1, நெகட்டிவ். டயட்டீஷியன் பார்த்தபோது நெற்றிப்பொட்டு குழிந்து, காரை எலும்பு துருத்தி, தோள் சதையே இல்லை. எஸ்.ஜி.ஏ.யில் சி, அதாவது கடுமையான குறைபாடு. நீர் அந்த எடை இழப்பை மறைத்துவிட்டது. நீர் கோத்தவர்களின் முடிவைத் தனி அட்டவணையாகவும் கொடுத்தோம். எங்கள் ஆய்வறிக்கையைப் பார்த்த தேர்வாளர் அதிகம் கேள்வி கேட்டது அந்த ஒரு பக்கத்தில்தான், எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.