கழித்துப் போட்ட பூண்டும் எட்டு வரிக் கடிதமும்

கொடைக்கானலில் மலைப்பூண்டைச் சூட்டில் வைத்துக் கருப்புப் பூண்டு செய்யும் ஆறு பேர் கொண்ட கம்பெனியில் கணக்கு, பார்சல், போன் எல்லாம் என் வேலை. பொருள் தயாரானதும் பத்திரிகைக்கு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. இரண்டு பக்கம் எழுதினேன். ‘இந்தியாவிலேயே முதன்முறையாக’ என்று தொடங்கி, ‘புவிசார் குறியீடு பெற்ற கருப்புப் பூண்டு’, ‘நொதிக்க வைத்தது’, ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்று போய், முதலாளி அண்ணனின் லட்சியத்தில் முடித்திருந்தேன். பி.டி.எஃப். ஆக்கி ஏழு நிருபர்களுக்கு அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை.

பத்து நாள் கழித்து அவர்களில் ஒருவருக்குப் போன் செய்தேன். மாலை ஆறு மணி. செய்தி அனுப்பும் அவசரத்தில் இருந்தவர், “காலையில பேசு தம்பி” என்று வைத்துவிட்டார். மறுநாள் பத்தரைக்கு அவரே கூப்பிட்டார். கடிதத்தை அப்போதுதான் திறந்தாராம். வரிசையாகக் கேள்வி.

“முதன்முறைன்னா, நீங்க தேடிப் பாத்தீங்களா?” இல்லை. “புவிசார் குறியீடு உங்க பொருளுக்கா, பூண்டுக்கா?” 2019-இல் குறியீடு கிடைத்தது கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு. அதை வாங்கி வேறொன்றாக மாற்றிவிட்டு, குறியீடும் எங்களுடையது என்று சொல்ல முடியாது. “நொதிக்க வைக்கிறோம்னா எந்த நுண்ணுயிர்?” இதில்தான் நன்றாக மாட்டினேன். சுமார் 70 டிகிரி சூட்டில், ஈரப்பதத்தை விடாமல் ஒரு பெட்டிக்குள் 30 நாள் வைக்கிறோம். வழக்கமாக நொதிக்க வைக்கும் உயிர்கள் அந்தச் சூட்டில் வேலை செய்யாது. பூண்டின் சர்க்கரையும் புரதக்கூறுகளும் சேர்ந்து மெல்லக் கறுக்கின்றன. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே வினையால்தான். எங்கோ படித்ததை அப்படியே எழுதியிருந்தேன். கொழுப்பு விஷயத்தை அவர் கேட்கவே இல்லை, “அத எடுத்துடு” என்றார். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்யச் சட்டமே இடம் தராது.

அப்புறம் பேச்சோடு பேச்சாக, “எந்தப் பூண்டு வாங்குறீங்க?” என்று கேட்டார். பொடிசு என்றேன். பெரிய பூண்டு விலை எங்களுக்குக் கட்டாது; வியாபாரி கழித்துப் போடும் பொடிசைத்தான் வாங்குகிறோம். சூட்டில் அதுவும் இதுவும் ஒரே மாதிரிதான் கறுக்கிறது. “தம்பி, அதத்தானேப்பா மொதல்ல எழுதணும்?” என்றார். என் இரண்டு பக்கத்தில் அது ஒரு வரிகூட இல்லை. மலிவான சரக்கு என்று நினைப்பார்களோ என்று நானேதான் மறைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் திரும்ப எழுதியது இது. இணைப்பாக வைக்காமல் மின்னஞ்சலிலேயே தட்டினேன். தலைப்பு வரியில், ‘வியாபாரி கழிக்கும் மலைப்பூண்டை வாங்கும் கொடைக்கானல் கம்பெனி’.

“ஐயா, வணக்கம். பூம்பாறை, மன்னவனூர் பகுதியில் 11 விவசாயிகளிடம், வியாபாரிகள் கழித்துப் போடும் பொடிசான மலைப்பூண்டை வாங்கி, கருப்புப் பூண்டாக்கி இந்த மாதம் முதல் விற்கிறோம். முதல் ரகத்துக்குச் சந்தையில் கிடைப்பதில் பாதி விலை கொடுக்கிறோம். சுமார் 70 டிகிரி சூட்டில் 30 நாள் வைக்கிறோம், நொதித்தல் அல்ல. ஒரு தடவைக்கு 40 கிலோதான் முடியும். விலை 100 கிராம் 180 ரூபாய். வரும் செவ்வாய் காலை 9 மணிக்குப் பெட்டியை அடுத்த தடவை திறக்கிறோம், நேரில் பார்க்கலாம். இரண்டு விவசாயிகள் பேசத் தயார்.”

கீழே என் பெயர், போன் நம்பர். படங்களைத் தனித்தனியாக வைத்து, இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதினேன். எழுதும் முன் அந்த இரண்டு விவசாயிகளிடமும் கேட்டுக்கொண்டேன். கேட்காமல் ‘பேசத் தயார்’ என்று எழுதி, நிருபர் போன் செய்யும்போது விவசாயி காட்டில் சிக்னல் இல்லாமல் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

‘40 கிலோதான்’ என்ற வரியை எடுக்கச் சொல்லி அண்ணன் மல்லுக்கட்டினார். “சின்னக் கம்பெனின்னு நாமளே சொல்லணுமாடா?” நான் விடவில்லை. முதல் கடிதத்தில் புளுகிய எனக்கு, இந்த ஒரு வரிதான் மற்றதை நம்ப வைக்கும் என்று தோன்றியது.

இந்தத் தடவை அந்த நிருபர் ஒருவருக்கு மட்டும் அனுப்பினேன். ஏழு பேருக்கும் ஒரே நாளில் போனால் யாருக்கும் தனிச்செய்தி இல்லை. வியாழனுக்குள் அவர் வேண்டாம் என்றால் அடுத்தவருக்கு என்று நினைத்திருந்தேன். செவ்வாய் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். பெட்டியைத் திறந்ததும் வந்த வாசனையில் ஓரடி பின்வாங்கி, அப்புறம் ஒரு பல்லை எடுத்து வாயில் போட்டு, “புளியங்கா மிட்டாய் மாதிரி இருக்கே” என்றார். அண்ணனோடு ஐந்து நிமிடம். பூம்பாறை விவசாயியோடு முக்கால் மணி நேரம்.

வெள்ளிக்கிழமை மாவட்டப் பக்கத்தில் வந்தது. படத்தில் விவசாயி. எங்கள் கம்பெனி பெயர் நான்காவது பத்தியில். அண்ணன் அதை விரலால் தேடிக் கண்டுபிடித்து, “இவ்வளவு கீழயா?” என்றார். ஒன்பது மணிக்குள் பதினாலு போன். ஒன்பது பேர் விவசாயிகள், “எங்க பொடிசையும் எடுத்துக்குவீங்களா?” என்றார்கள். பெட்டி இருப்பது ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் அந்த 40 கிலோ வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.