விளம்பரம் கூட்டிய விற்பனை எத்தனை வருடம் நிற்கும்?

மட்டக்களப்பில் வறுத்த அரிசி மா பொதி செய்து விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்காளராக இருந்தேன். மெசின், லொறி என்று எது வாங்குவதென்றாலும் ஐந்து வருட வரவு செலவு போட்டு, வட்டியைக் கழித்துப் பார்ப்போம். விளம்பரத்துக்கு மட்டும் அந்தப் பழக்கமில்லை. கையில் காசு இருந்தால் செய்வோம், இல்லாவிட்டால் விடுவோம்.

ஒருமுறை 60 லட்சத்துக்கு ஒரு விளம்பரத் திட்டம் வந்தது (தொகைகளை மாற்றி, முழு எண்ணாக்கித் தருகிறேன்). வானொலி, பஸ்ஸின் பின்பக்கம், கடைப் பலகைகள். முதல் வருடம் விற்பனை 2 கோடி கூடும் என்றார்கள்.

"ரெண்டு கோடி வருமெண்டா அறுபது லட்சம் என்ன தம்பி பெரிய காசா?" என்றார் முதலாளி.

"ரெண்டு கோடியும் நமக்கில்ல சேர். அரிசி, பக்கெட், லொறி, கடைக் கமிஷன் போனா நூறு ரூபாய்க்கு இருபதுதான் நிக்கும். நாப்பது லட்சம்."

"மறுகா வாற வருசம்?"

கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். விளம்பரம் பார்த்து வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த வருடம் பழைய மாவுக்கே திரும்பிவிடுவார்கள். கூடிய விற்பனையில் வருடா வருடம் ஒரே பங்கு தங்குகிறது என்று எடுத்துக்கொண்டால், எல்லா வருட வரவின் இன்றைய மதிப்பு ஒரே வரியில் வந்துவிடும்:

```
PV = C / (1 + k - r)
```

C முதல் வருடம் மிஞ்சும் பணம், k வட்டி, r தங்கும் பங்கு. வட்டி 18 சதவீதம், தங்குவது பாதி என்றால் 40ஐ 0.68ஆல் வகுக்க 58.8 லட்சம். போட்ட 60 திரும்பாது. தங்குவது 60 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 69 லட்சம்; 40 சதவீதம் என்றால் 51. சரியாக 60 வருவதற்குப் பாதிக்குச் சற்று மேலே, 51 சதவீதம் தங்க வேண்டும்.

இந்தச் சூத்திரத்தில் எனக்குப் பிடித்தது k, r இரண்டும் ஒரே இடத்தில் நிற்பது. வட்டி பத்துப் புள்ளி ஏறினாலும், ஆட்கள் பத்துப் புள்ளி கூடுதலாக மறந்தாலும் நட்டம் ஒன்றே. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியதை நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் ஒருவர்கூட மாறாமலே நல்ல விளம்பரம் கெட்ட விளம்பரமாகியிருக்கும்.

ஆனால் r எவ்வளவு என்று விளம்பரக் கம்பனியிடம் கேட்டுப் பயனில்லை. கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும் மட்டும் சிறிதாகச் செய்து பார்த்தோம். அக்கரைப்பற்றுப் பக்கம் ஒன்றும் செய்யாமல் ஒப்பிட வைத்துக்கொண்டோம்.

எங்கள் பில்களின்படி மூன்று மாதம் விற்பனை பாய்ந்தது, நான்காம் மாதம் விழுந்தது. முதலாளி மனம் விட்டுப்போனார். நான் களுவாஞ்சிகுடியில் ஒரு கடைக்குப் போய் தட்டின் பின்வரிசைப் பக்கெட்டுகளை எடுத்து உற்பத்தித் திகதி பார்த்தேன். எல்லாம் விளம்பரம் தொடங்கிய மாதத்துச் சரக்கு. ஒரு டசனுக்கு ஒன்று இலவசம் என்று எங்கள் ரெப் கடைகளை நிரப்பியிருந்தார். ஆக, அந்தப் பாய்ச்சலும் உண்மையில்லை, விழுந்ததும் உண்மையில்லை.

அதன் பிறகு பில்லை விட்டுவிட்டு, தெரிந்தெடுத்த கடைகளில் மாதமுதல் இருப்பு, நாங்கள் கொடுத்தது, மாதக்கடைசி இருப்பு என்று எண்ணினோம். வீட்டுக்குப் போன பக்கெட் எத்தனை என்று அப்போதுதான் தெரிந்தது. விளம்பரம் நின்று ஒரு வருடம் கழித்து, அதே மாதங்களை மறுபடி எண்ணினோம். நோன்பு மாதம் வருடா வருடம் முன்னே நகர்வதால் அதைத் தனியே ஒதுக்க வேண்டியிருந்தது. அந்த மாதம் மா விற்பனை வேறு கதை.

கூடியதில் 55 சதவீதம் தங்கியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் விளம்பரமே இல்லாத அக்கரைப்பற்றிலும் விற்பனை ஓரளவு ஏறியிருந்தது. அது விளம்பரத்தால் வந்ததல்ல என்று கழித்தபோது, முழுத் திட்டத்துக்கு எதிர்பார்த்த 40 லட்சம் 36 ஆனது. 36ஐ 0.63ஆல் வகுத்தால் 57 லட்சம். 60க்குச் செய்யக்கூடாது, 57க்குள் கிடைத்தால் செய்யலாம். விளம்பர நேரத்தைக் குறைத்தால் C-யும் குறையுமே, அதனால் தயாரிப்புக் கட்டணத்திலும் கம்பனியின் கமிஷனிலும் மட்டும் பேரம் பேசி 52க்கு முடித்தோம்.

கடைசியாக வங்கிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இலங்கைக் கணக்கீட்டு நியமம் LKAS 38இன்படி விளம்பரத்தைச் சொத்தாகக் காட்ட முடியாது. முழுத் தொகையும் உடனே செலவாக வேண்டும். 52 செலவு, 36 வரவு. அந்த வருட இலாபம் இதனால் 16 லட்சம் குறையும் என்பதை, எங்கள் கடன் வரையறையைப் பார்ப்பவர்கள் ஆண்டறிக்கைக்கு முன்பே அறிந்திருக்கட்டும் என்று.