ஓ.பி. சீட்டு வீட்டுக்குப் போய்விடும்: ஆன்டிபயாடிக் ஆடிட்டுக்கு அனுமதி வாங்கிய அனுபவம்

ஒரு வழியாக அனுமதிக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரியில் பார்மகாலஜி பி.ஜி. படிக்கிறேன். மெடிசின் ஓ.பி.யில் சளி, இருமல், தொண்டை வலி என்று வருகிற பெரியவர்களுக்கு எழுதப்படும் ஆன்டிபயாடிக், வழிகாட்டி நெறிகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஆடிட் இது. கைடு தேர்வு, தலைப்பு, இலக்கியத் தொகுப்பு எல்லாம் சுமுகமாக முடிந்தன. இழுத்தடித்தது அதற்கப்புறம்தான்.

எங்கள் துறையில் சீனியர்கள் விட்டுப்போன புரபோசல் மாதிரி ஒன்று இருக்கிறது. அது வார்டுக்காக எழுதப்பட்டது. "கடந்த ஆறு மாத கேஸ் ஷீட்டுகளை மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவிலிருந்து எடுத்து" என்று ஆரம்பிக்கும். ஓ.பி.க்கு அது ஒரு வரிகூட உதவாது. சீட்டு நோயாளியிடம்தான் இருக்கும். மாத்திரை வாங்கியதும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்களிடம் மிஞ்சுவது ஓ.பி. பதிவேட்டில் பெயரும் வயதும், மருந்தகத்தில் எந்த மாத்திரை எத்தனை போனது என்ற கணக்கும் மட்டுமே. எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதை இந்த இரண்டையும் வைத்துச் சேர்க்கவே முடியாது. ஆகவே பழைய பதிவுகளைப் பார்க்கும் ஆடிட் ஓ.பி.யில் நடக்காது, அன்றன்றைக்கு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

எங்கே உட்காருவது? மருந்தக ஜன்னல் பக்கம்தான் வசதி. ஆனால் அங்கே ஆன்டிபயாடிக் எழுதிய சீட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தால், எழுதாமல் அனுப்பிய நல்ல முடிவுகள் கணக்கில் வராமலே போய்விடும். அதனால் வருகிற ஒவ்வொரு ஐந்தாவது சீட்டையும் பார்ப்பது, அதில் மேல் சுவாசப்பாதைத் தொற்று என்று தெரிகிறவற்றை மட்டும் சேர்ப்பது என்று எழுதினேன். மொபைலில் படம் எடுக்கலாம் என்று கைடு சொன்னார். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் கல்லூரி நெறிமுறைக் கமிட்டி அதை ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டது. பெயரும் ஓ.பி. எண்ணும் படத்தில் விழும் அல்லவா? கடைசியில், வயது, பாலினம், எழுதியிருந்த நோய், மருந்து, அளவு, நாள் ஆகியவற்றை மட்டும் ஒரு படிவத்தில் பார்த்து எழுதுவது, சீட்டை அங்கேயே திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது.

கமிட்டியில் ஒரு மேடம் கேட்ட கேள்விதான் இந்த மொத்தப் புரபோசலையும் மாற்றியது. "சீட்டுல காய்ச்சல், ரெண்டு நாள்னு மட்டும் இருந்தா, அந்த ஆன்டிபயாடிக் சரியா தப்பான்னு நீங்க எப்படிப்பா சொல்லுவீங்க?"

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2019 ஆன்டிபயாடிக் வழிகாட்டியை அளவுகோலாக வைத்திருந்தேன். சாதாரண சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், அதில் குழப்பமில்லை. தொண்டை வலி என்றால்தான் சிக்கல். பாக்டீரியாவாக இருக்குமா என்று கணிக்கும் சென்டார் மதிப்பெண்ணுக்குக் காய்ச்சல் உண்டா, இருமல் இல்லையா, டான்சிலில் சீழ் படிந்திருக்கிறதா, கழுத்தில் முன்பக்க நெறிக்கட்டு தொட்டால் வலிக்கிறதா என்று நான்கும் தெரிய வேண்டும். நெருக்கியடிக்கும் கூட்டத்தில் எந்த டாக்டரும் இதையெல்லாம் சீட்டில் எழுதப்போவதில்லை. பார்த்திருப்பார், எழுதியிருக்க மாட்டார். எழுதாததைத் தவறு என்று கணக்கில் வைத்தால் முடிவே பொய்யாகிவிடும்.

ஆகவே ஒரே கேள்வியை நான்கு படியாகப் பிரித்தேன். நோய் எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் ஆன்டிபயாடிக் தேவையா? தேவை என்றால் மருந்துத் தேர்வு சரியா? அப்புறம் அளவும் நாளும். முதல் படியிலேயே நின்றுபோகிற சீட்டு 'மதிப்பிட இயலாதது' என்று தனிக் கட்டத்துக்குப் போகும்; தவறு என்ற கட்டத்துக்குப் போகாது. முன்னோட்டமாகப் பார்த்த சீட்டுகளில் மூன்றை இணைப்பில் வைத்தேன். "யு.ஆர்.ஐ., அசித்ரோமைசின் 500, காலை ஒன்று, மூன்று நாள்": மேல் சுவாசப்பாதைத் தொற்று என்று நோய் இருக்கிறது, ஆன்டிபயாடிக் தேவையில்லை, நெறிக்கு ஒத்துவரவில்லை. "காய்ச்சல் இரண்டு நாள், அமாக்சிசிலின்": மதிப்பிட இயலாதது. மூன்றாவது அபூர்வம்: காய்ச்சல், இருமல் இல்லை, டான்சிலில் சீழ், கழுத்து நெறிக்கட்டில் வலி என்று நான்கையும் எழுதி அமாக்சிசிலின் 500, மூன்று வேளை, மூன்று நாள். தேவை சரி, மருந்து சரி, அளவு சரி. நாள் மட்டும் வழிகாட்டி கேட்பதைவிடக் குறைவு. ஆனால் எங்கள் ஓ.பி.யில் மூன்று நாளைக்குத்தான் மாத்திரை கொடுப்பார்கள், மறுபடி வரச் சொல்வார்கள். அது டாக்டரின் தவறா, வழங்கும் முறையின் விளைவா? படிவத்தில் 'மறுபடி வரச் சொல்லி எழுதியிருக்கிறதா' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அன்றைக்கு மருந்தகத்தில் எது இருப்பில் இல்லை என்பதற்கும் ஒரு கட்டம். இருப்பே இல்லாத மருந்தை ஏன் எழுதவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. அந்த மேடம் அடுத்த கூட்டத்தில் இணைப்பை முழுக்கப் படித்துவிட்டுத் தலையாட்டினார். அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வேண்டாம்.

எண்ணிக்கை விஷயம் சுலபமாக முடிந்தது. 4pq/d² சூத்திரத்தில், நெறிக்கு ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கிற சீட்டுகளின் பங்கான p ஐம்பது சதவீதம், மீதியான q-வும் ஐம்பது, பிழை d பத்து சதவீதம் என்று வைத்தால் 100 சீட்டு. புள்ளியியல் சார் ஒரு எச்சரிக்கை மட்டும் சொன்னார்: அந்த 100, மதிப்பிட முடிகிற சீட்டாக இருக்க வேண்டும். அதனால் 100 ஓ.பி. சீட்டு என்று எழுதாதீர்கள்.

மெடிசின் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கப் போனபோது முதல் கேள்வியே, "எந்த டாக்டர் எழுதினதுன்னு குறிப்பீங்களா?" என்பதுதான். அவர் பயம் நியாயமானது. ஆடிட் என்றாலே தணிக்கைக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். டாக்டர் பெயர், யூனிட் எதுவுமே படிவத்தில் இல்லை என்று காட்டினேன். ஒத்துப்போக வேண்டிய இலக்கு 90 சதவீதமா 80 சதவீதமா என்பதை வழிகாட்டி சொல்வதில்லை, அதை நீங்கள்தான் நிர்ணயிக்க வேண்டும் சார் என்றேன். யோசித்து 80 என்றார், தானே துணை ஆய்வாளராகவும் சேர்ந்துகொண்டார். மூன்று மாதத்துக்குள் நடக்கும் என்று மட்டும் துறைக்குத் தெரிவிப்போம், எந்தெந்த நாள் என்று சொல்ல மாட்டோம். சொன்னால் அந்த நாட்களில் மட்டும் அசித்ரோமைசின் காணாமல் போகும்.

இனி அலுவலகம். ஐ.சி.எம்.ஆரின் 2017 ஆய்வு நெறிமுறைகளில், நிறுவனத்துக்குள் நடக்கும் தர உறுதி ஆடிட்டுகளுக்குக் கமிட்டி பரிசீலனையிலிருந்து விலக்கு தரலாம் என்று இருக்கிறது. அதை நம்பி நேராக ஆரம்பித்துவிடாதீர்கள். விலக்கு உண்டா என்று சொல்ல வேண்டியது கமிட்டிதான், நாமல்ல. அதற்கும் எழுதித்தான் கேட்க வேண்டும். நான் கேட்ட கடிதம் தபால் பிரிவில் படுத்துவிட்டது. விசாரித்தால் கிளார்க், "இதுக்கு முன்னாடி யாராவது இப்படி வாங்கியிருக்காங்களா? அந்தக் காப்பி இருந்தா கொண்டு வாங்க" என்றார். முன்மாதிரி இல்லாததால்தான் புதிதாகக் கேட்கிறோம் என்று அவருக்குப் புரியவைக்கவே முடியவில்லை. அப்புறம் பார்த்தால் கடிதம் 'துறைத் தலைவர் வழியாக' என்ற வரி இல்லாததால் ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அந்த வரி வேண்டும் என்று படிவத்திலும் இல்லை, கவுன்ட்டரிலும் யாரும் சொல்லவில்லை. தபாலில் கொடுக்கும்போதே நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். எனக்கு அந்த நகல்தான் கடைசியில் கைகொடுத்தது.

இன்னொன்று. அனுமதிக் கடிதத்தில் 'நகல்: தலைமை மருந்தாளுநர்' என்று போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கையெழுத்தே இருந்தாலும், தன் பெயருக்கு நகல் வராமல் அந்த ஜன்னல் பக்கம் நாற்காலி போட அவர் விடமாட்டார்.