சிர்கோனியா வில்லை எத்தனை டிகிரியில் வழிவிடுகிறது: மூன்று வார அளவீடு

திட ஆக்சைடு எரிபொருள் மின்கலத்தை ஏன் 800 டிகிரி வரை சுட வைக்கிறார்கள் என்பதற்குப் புத்தகத்தில் ஒரு வரியில் பதில் இருக்கும்: அதன் மின்பகுளி நன்கு சூடானால்தான் ஆக்சிஜன் அயனியை ஓடவிடும். அந்தப் பதிலை என் கையாலேயே அளந்து பார்க்க ஆசை. முழு மின்கலம் செய்யவில்லை. நடுவில் இருக்கும் மின்பகுளியை மட்டும் எடுத்துக்கொண்டேன். 8 மோல் சதவீதம் இட்ரியா கலந்த சிர்கோனியா, 20 மி.மீ. விட்டம், 1 மி.மீ. கனம். பார்க்கச் சட்டைப் பொத்தான் மாதிரி, பால் வெள்ளை நிறம்.

இருபுறமும் 10 மி.மீ. வட்டமாக வெள்ளிப் பசை தடவி, காய்ந்ததும் உலையில் சுட்டெடுத்தேன். இந்த வட்டத்தின் பரப்பு 0.785 சதுர செ.மீ.; கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். வெள்ளி 961 டிகிரியில் உருகிவிடும் என்பதால் 800-ஐத் தாண்டுவதில்லை என்று முடிவு. உலை காட்டும் வெப்பநிலையை நம்பாமல், வில்லையை ஒட்டியே தனியாக ஒரு கே வகை தெர்மோகப்பிள் வைத்தேன். நல்லவேளை, உலையின் காட்டியைவிட அது 20 டிகிரி குறைவாகக் காட்டியது.

முதல் ஞாயிறு சாதாரண மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். அறை வெப்பத்தில் அளவு எல்லைக்கு வெளியே. கண்ணாடியை அளப்பது போலத்தான். 400 டிகிரியில் எண் வந்தது, ஆனால் நிற்கவில்லை. ஆயிரத்துச் சொச்சம் ஓமில் தொடங்கி மெல்ல ஏறிக்கொண்டே போனது. முனைகளை மாற்றிப் போட்டால் வேறு எண். மல்டிமீட்டரை வோல்ட் அளவுக்குத் திருப்பினால், வில்லையில் சில பத்து மில்லிவோல்ட் மிச்சம் இருந்து ஒரு நிமிடத்தில் வடிந்தது.

பசை சரியாக ஒட்டவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் இது நல்ல அறிகுறி. எலக்ட்ரான் ஓடும் பொருளில் இப்படி மின்னழுத்தம் தேங்காது. இங்கே ஓடுவது ஆக்சிஜன் அயனி. ஒரு பக்கத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும், மறு பக்கத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். 400 டிகிரியில் வெள்ளியின் ஓரத்தில் இந்த வேலை மிக மெதுவாக நடக்கிறது. ஒரே திசையில் தள்ளும்போது வாசலில் நெரிசல் கூடுகிறது. நான் அளந்தது வாசலைத்தான், வில்லையை இல்லை.

சரி, திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் வேண்டும். கடன் வாங்கிய எல்சிஆர் மீட்டரில் 1 கிலோஹெர்ட்ஸில் வைத்தபோது எண் நின்றது, ஆனாலும் வாசலின் பங்கு அதில் கலந்திருந்தது. 100 கிலோஹெர்ட்ஸுக்குப் போனதும் அது பெரும்பாலும் விலகி, 400 டிகிரியில் 905 ஓமில் வந்து உட்கார்ந்தது. அளக்கும் சில நொடிகளுக்கு உலையின் சுருளை அணைத்துவிடுவேன். சூடான செங்கல் வழியே 50 ஹெர்ட்ஸ் கசிந்து எண்ணை ஆட்டிவைக்கிறது.

உள்ளே நடப்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். சிர்கோனியா என்பது ZrO₂, இட்ரியா என்பது Y₂O₃. 92 சிர்கோனியாவுக்கு 8 இட்ரியா என்று எடுத்துக்கொண்டால் 92 சிர்கோனியம், 16 இட்ரியம், மொத்தம் 108 உலோக அணுக்கள். படிக அணிக்கோவையில் அவற்றுக்கு 216 ஆக்சிஜன் இடங்கள் உண்டு. ஆனால் இருக்கும் ஆக்சிஜன் 184-உம் 24-உம் சேர்ந்து 208தான். இட்ரியத்தின் மின்சுமை மூன்று, சிர்கோனியத்துக்கு நான்கு. அந்தக் குறையை ஈடுகட்ட 8 இடங்கள் காலியாகவே விடப்படுகின்றன. அதாவது 27 இடத்துக்கு ஒரு காலியிடம். பக்கத்து ஆக்சிஜன் அதில் தாவினால் அதன் பழைய இடம் காலியாகும், அடுத்தது அங்கே தாவும். இட்ரியாவைக் கூட்டிக்கொண்டே போனால் கடத்துத்திறனும் கூடும் என்று தோன்றும். 8, 9 சதவீதத்துக்கு மேல் அது இறங்கத் தொடங்குகிறது; காலியிடங்கள் கலப்பு அணுக்களோடும் ஒன்றோடொன்றும் பிணைந்து, நகர முடியாமல் போகின்றன.

காலியிடம் அறை வெப்பத்திலும் இதே அளவுதான் இருக்கிறது. தடுப்பது தாவல். இரண்டு உலோக அயனிகளுக்கு நடுவில் உள்ள இடுக்கில் ஆக்சிஜன் நெருக்கியடித்து நுழைய வேண்டும். அதற்கான கிளர்வு ஆற்றலை அளப்பதுதான் இரண்டாம் வார வேலை. கீழே Ea என்பது அதுதான்; σ கடத்துத்திறன், T கெல்வினில் வெப்பநிலை, k போல்ட்ஸ்மன் மாறிலி, A ஒரு மாறிலி.

```
σT = A · exp(−Ea / kT)
```

இங்கே ஒரு வாரம் வீணானது. இணைப்புக்கு 0.5 மி.மீ. நைக்ரோம் கம்பி போட்டிருந்தேன், சூட்டைத் தாங்குமே என்று. 1/T-க்கு எதிரே ln(σT)-ஐப் போட்ட வரைபடம் 600 டிகிரி வரை ஓரளவு நேர்கோடாக வந்து, அதற்கு மேல் வளைந்து படுத்தது. 700-க்கும் 800-க்கும் இடையே Ea 0.63 எலக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. அணிக்கோவையே மாறுகிறதோ என்று இரண்டு நாள் படித்தேன். கடைசியில் கம்பிகளின் முனைகளை ஒன்றோடொன்று முறுக்கி அளந்தால், கம்பி மட்டும் 2.8 ஓம்! வில்லையின் தடை ஆயிரத்தில் இருக்கும்போது இது தெரியாது. மூன்று ஓமுக்கு இறங்கியதும் பாதிக்குப் பாதி கம்பிதான். ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டு வெள்ளிக் கம்பி வைத்து, ஒன்றில் மின்னோட்டம், மற்றதில் மின்னழுத்த அளவு என்று நான்கு கம்பி முறைக்கு மாறினேன்.

```
400 °C   905 Ω
500 °C   125 Ω
600 °C    27.5 Ω
700 °C     8.4 Ω
800 °C     3.3 Ω
```

400-க்கும் 700-க்கும் இடையே சரிவு தரும் Ea 0.95 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தில் kT வெறும் 0.026. சூத்திரத்தின் exp பகுதி அறையில் 10⁻¹⁶ அளவில் இருக்கிறது, 800 டிகிரியில் 3×10⁻⁵ ஆகிறது. நெர்ன்ஸ்ட் 1897-இல் செய்த விளக்கின் ஆக்சைடுத் தண்டை முதலில் சூடாக்கினால்தான் எரியத் தொடங்கும் என்று படித்திருந்தேன். இந்த எண்களைப் பார்த்த பிறகு அது வியப்பாக இல்லை.

இப்போது இதே வில்லையை மின்கலத்தில் வைத்தால் என்ன ஆகும்? 600 டிகிரியில் ஒரு சதுர செ.மீ.க்கு 21.6 ஓம். சதுர செ.மீ.க்கு அரை ஆம்பியர் எடுக்க 10.8 வோல்ட் இதிலேயே போய்விடும். ஹைட்ரஜன் மின்கலம் தருவதோ ஏறக்குறைய ஒரு வோல்ட். 800-இல்கூட 1.3 வோல்ட் தேவைப்படும், அதுவும் கட்டுப்படியாகாது. கனத்தை நூறில் ஒரு பங்காக, 10 மைக்ரான் ஆக்கினால், 600-இல் இழப்பு 0.11 வோல்ட்தான். மின்பகுளியை ஆனோடின் மேல் மெல்லிய படலமாகப் பூசிச் செய்வது இதற்காகத்தான்.

ஆனால் படலத்தை மெலிதாக்கினால் தீர்வது வில்லையின் தடை மட்டும். மல்டிமீட்டரில் நான் பார்த்த வாசல் நெரிசல் அப்படியே இருக்கிறது. சூடு குறையக் குறைய அதுவும் ஏறுகிறது. கடோலினியம் கலந்த சீரியா 500, 600 டிகிரியில் இதைவிட நன்றாகக் கடத்தும். ஆனால் ஹைட்ரஜன் பக்கத்தில் சீரியத்தின் ஒரு பகுதி மின்சுமை மூன்றுக்கு இறங்கி, எலக்ட்ரானும் உள்ளே கசியத் தொடங்கும், மின்னழுத்தம் குறைந்துவிடும்.

அடுத்தது 3 மோல் சதவீத இட்ரியா வில்லை. அதில் 69 இடத்துக்கு ஒரு காலியிடம்தான். 8-ஐவிட உறுதியானது, தட்டினால் எளிதில் உடையாது. அதன் சரிவும் 0.95 பக்கத்தில் வருகிறதா, தடை மட்டும் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். வில்லை நேற்று வந்தது, ஒரு முகத்தில் வெள்ளிப் பசை தடவியாயிற்று.